வீட்டுக்கு வந்தவங்களை "வாங்க"ன்னு கேக்கலைன்னா அவ்வளவு பெரிய குத்தமா?

சென்னைப்பொண்ணு எழுதியது:

நான் சென்னைல வளர்ந்தவ. கல்யாணமாகி பொள்ளாச்சி பக்கம் ஒரு கிராமத்துல இருக்கேன், வீட்ல இருந்தே ஐடி வேலை. போன வாரம் மதியம் ஒண்ணேகால் மணி இருக்கும். மீட்டிங்ல ஹெட்போனோட உக்காந்திருக்கேன், என் வீட்டுக்காரரோட பெரியம்மா கேட்டைத் திறந்து வந்தாங்க. மாமியார் தோட்டத்துல இருந்தாங்க. நான் பெரியத்தையைப் பார்த்து நல்லா சிரிச்சேன், சோபாவைக் கையால காட்டினேன். மீட்டிங் முடிஞ்சதும் ஓடி வந்து "சாப்பிடறீங்களா?"ன்னு கேட்டேன். "இல்ல சாமி, இப்பத்தான் ஆச்சு"ன்னாங்க. சரின்னு தண்ணி கொடுத்தேன். குடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க.

இப்ப சொந்தம் பூரா ஒரே பேச்சு. "வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல, சோறு வேணுமான்னு கேட்டா"ன்னு. நான் சிரிச்சேன், உக்கார வெச்சேன், சாப்பாடும் கேட்டேன். இதுல எது அவமரியாதைன்னு நிஜமாவே புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க. (அனிச்சம் குறளை யாரும் போட வேண்டாம், மாமனார் ஏற்கெனவே சொல்லிட்டார்.)

தோப்புக்காரர் எழுதியது:

அம்மணி, அவங்க எடத்துல இருந்து பாருங்க. எங்க பக்கம் கேட்டைத் திறந்தவுடனே யாரும் நேரா உள்ள வர மாட்டாங்க. வாசல்ல நின்னு "ஏனுங்க, யாரும் இல்லீங்களா?"ன்னு ஒரு சத்தம் கொடுப்பாங்க, இல்லாட்டி செருப்பைக் கழட்டறதை நிதானமாக் கழட்டுவாங்க. அந்த நேரம் வீட்டுக்காரங்களுக்காக விடறது. உள்ள இருந்து "வாங்க வாங்க"ன்னு வந்தாத்தான் படி ஏறுவாங்க. அது வர்ற வரைக்கும் அவங்க விருந்தாளி இல்லீங்க, வாசல்ல நிக்கற ஆளு. அறுபது வயசுல, சொந்தத் தங்கச்சி வீட்டு வாசல்ல, நேத்து வந்த மருமக பார்க்கப் பார்க்க அப்படி நிக்கறது இருக்குதே, அது கால் வலியை விட மோசம்.

சிரிச்சது சரி. ஆனா சிரிப்பை யாருகிட்ட போய்ச் சொல்றது? "என்னை வாங்கன்னு கேட்டா"ன்னு நாலு பேர்கிட்டச் சொல்லலாம். "என்னைப் பார்த்துச் சிரிச்சா"ன்னு சொன்னா வேற மாதிரி ஆயிருமுங்க.

நேர்கோடு எழுதியது:

இதெல்லாம் வெறும் ஈகோ. வணக்கமோ வாங்கவோ, எல்லாமே யார் பெரியவன், யார் சின்னவன்னு காட்டறதுக்கு வந்த ஏற்பாடு. கீழ இருக்கறவன் முதல்ல சொல்லணும், மேல இருக்கறவன் தலையாட்டணும். எந்த நாட்டுக்குப் போனாலும் இதுதான். மருமக கீழ, அதனால அவ முதல்ல சொல்லலைன்னு கோபம். அவ்வளவுதான் விஷயம், ஆராய்ச்சி எதுக்கு?

பழைய வாத்தியார் எழுதியது:

மொழியியல் வகுப்பு எடுத்துக் காலம் தள்ளினவன். இரண்டு பேருக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் சென்னைப்பொண்ணு. 1955இல் எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் முகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நாம் "முகங்கொடுத்துப் பேசலை" என்கிறோமே, அந்த முகம்தான். அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: ஒருவர் தன் முகத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது, எதிரில் இருப்பவர் கை கொடுத்தால்தான் முடியும். பின்னால் பெனிலோபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் இதை விரித்து எழுதியபோது மூன்று மொழிகளை ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், மூன்றாவது தமிழ். அந்தத் தமிழும் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத் தமிழ். உங்கள் பெரியத்தைக்குக் கிட்டத்தட்ட ஊர்க்காரர்கள்!

அவர்கள் கணக்கில் எல்லாருக்கும் இரண்டு ஆசை உண்டு. "என்னைத் தொந்தரவு பண்ணாதே" என்பது ஒன்று. "என்னைக் கண்டுகொள்" என்பது இன்னொன்று. சென்னை அடுக்ககத்தில் முதல் ஆசையைக் காப்பாற்றினால் நல்ல அண்டை வீட்டுக்காரர் என்று பெயர். லிஃப்டில் தலையாட்டிவிட்டு போனைப் பார்த்தால் போதும். நீங்கள் பெரியத்தைக்குக் கொடுத்தது அந்த மரியாதைதான்: அவரைத் தொந்தரவு செய்யாமல் உட்கார வைத்தீர்கள். அவர் எதிர்பார்த்து வந்தது இரண்டாவது. இரண்டு பேரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டீர்கள், கேட்டதும் கொடுத்ததும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

ஆனால் என் கணக்கில் "வாங்க" விட்டுப்போனதை விட "சாப்பிடறீங்களா?" என்பதுதான் பெரிய சறுக்கல். அந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று ஒரு விருந்தாளி எப்படிச் சொல்வார்? சொன்னால் பசியோடு சோற்றுக்கு வந்ததாக ஆகிவிடும். ஆகவே அவர் வாயிலிருந்து "இல்லை" மட்டும்தான் வரும், வந்தது. "வாங்க, சாப்பிடலாம்" என்றோ, "இலை போட்டுட்டேன், கை கழுவுங்க" என்றோ சொல்லியிருந்தால் முடிவெடுத்தது நீங்களாக இருந்திருக்கும். அப்போதும் முதலில் "இப்பத்தான் ஆச்சு" என்பார். "அதெல்லாம் இல்ல, ஒரு கை சாப்பிடுங்க" என்பீர்கள். "சரி, நீ இவ்வளவு சொல்ற, கொஞ்சமாப் போடு" என்று உட்கார்வார். அவர் கேட்டு வாங்கிச் சாப்பிடவில்லை, உங்கள் வற்புறுத்தலுக்காகச் சாப்பிட்டார். நீங்கள் கஞ்சத்தனம் பண்ணவில்லை, அன்பாக வற்புறுத்தினீர்கள். முதல் "வேண்டாம்" என்பது மறுப்பே இல்லை, அது உங்களுக்கு விட்ட இடம்.

தெருவில் பார்க்கும்போது கேட்கிற "சாப்டாச்சா?" வேறு. அங்கே சோறு போட யாரிடமும் சட்டி இல்லை, ஆகவே "ஆச்சு" என்பதுதான் விடை, வயிறு காய்ந்தாலும். ஒரே கேள்வியை மதியம் ஒரு மணிக்கு வீட்டு வாசலில் கேட்டால் அது சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதாக ஆகிவிடும். சட்டியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கேட்பது நல்லது.

நேர்கோடு, உங்கள் விதி பாதி சரி. செனகல் நாட்டு வோலோஃப் மக்களைப் பற்றி ஜூடித் இர்வின் 1974இல் எழுதியிருக்கிறார். அங்கே முதலில் நலம் விசாரிப்பவர் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறார், நீங்கள் சொன்னபடியே. ஆனால் உயர்ந்தவராக ஏற்கப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டிய கடமை வந்துவிடும். அதனால் வசதியுள்ளவரே சில சமயம் முந்திக்கொண்டு விசாரித்துக் கீழே இறங்கிக்கொள்வாராம், எதிராளி காசு கேட்காமல் இருக்க. மேலே இருப்பது எப்போதும் லாபம் இல்லை!

மீசாலையான் எழுதியது:

இது நல்ல கேள்வி. எங்கட ஊரில ஆரும் வெளிக்கிடேக்க "எங்கை போறியள்?" எண்டு கேக்கக்கூடாது, போற காரியம் விளங்காது எண்டு அம்மம்மா பேசுவா. "தூரமோ?" எண்டுதான் கேக்கிறது. "ஓம், இதில ஒருக்கா" எண்டு சொன்னாக் கதை முடிஞ்சுது. கேட்டவருக்கு அக்கறை காட்டினதாப் போச்சு, போறவர் கோட்டுக்குப் போறாரோ கடன் வாங்கப் போறாரோ, சொல்லத் தேவையில்லை. இஞ்ச டொராண்டோவில பக்கத்து வீட்டு ஐயாவை நான் அப்பிடிக் கேட்டால் மனுசன் பஸ் நம்பர் உட்பட எல்லாத்தையும் சொல்லத் தொடங்கிடுவார். தமிழ்நாட்டு ஆக்கள்தான், என்ன செய்யிறது.

சென்னைப்பொண்ணு எழுதியது:

மீசாலையான், நான் கேட்டது வெளியே போறவங்களைப் பத்தி இல்ல, வர்றவங்களைப் பத்தி :) ஆனா "தூரமோ?" ரொம்ப நல்லாருக்கு. எதிர்வீட்டு அக்கா தினமும் "எங்க கிளம்பிட்டீங்க?"ன்னு கேக்கறப்ப எரிச்சலா இருக்கும், விவரம் பூரா சொல்லிட்டு இருந்தேன். "இங்கதான்க்கா, பக்கத்துல"ன்னா போதும் போல.

வாத்தியார் ஐயா, இலை விஷயம் புரியுது. ஆனா மீட்டிங்ல இருக்கறப்ப நான் என்னதான் பண்றது?

தோப்புக்காரர் எழுதியது:

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்குங்க. எந்திரிங்க. "வாங்க பெரியத்தை, உக்காருங்க, ஆபீஸ்ல பேசிட்டிருக்கேன், வந்தர்றேன்." இதுக்கு எத்தனை நொடி ஆகும்? எந்திரிக்கறதுதான் அதுல முக்கியமுங்க. அப்பறம் அரை மணி நேரம் பேசினாலும் அவங்க டிவி போட்டுப் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க.

காயல் ரஹ்மத் எழுதியது:

நேர்கோடு சொன்ன "கீழ இருக்கறவன் முதல்ல" பத்தி ஒரு வார்த்தை. எங்க பக்கம் ஸலாம் யார் முதல்ல சொல்லணும்ங்கறதுக்கு ஹதீஸ்லயே வரிசை இருக்கு. வாகனத்துல போறவர் நடந்து போறவருக்குச் சொல்லணும். நடந்து போறவர் உக்காந்திருக்கறவருக்கு. சின்னக் கூட்டம் பெரிய கூட்டத்துக்கு. வயசுல இளையவர் மூத்தவருக்குங்கறதும் இருக்கு, அது நீங்க சொன்னபடிதான். ஆனா முதல் வரியைப் பாருங்க. குதிரை மேல இருக்கறவன்தான் அந்த நேரத்துக்கு உயரத்துல இருக்கான், அவன்தான் இறங்கி வரணும். எங்க வாப்பா கார்ல போறப்ப கண்ணாடியை இறக்கி, சைக்கிள்ல போறவருக்கும் முதல்ல ஸலாம் சொல்லுவாங்க.

பதில் சொல்றதுக்கும் அளவு இருக்கு. குர்ஆன்ல 4ஆம் அத்தியாயம் 86ஆம் வசனம்: உங்களுக்கு வாழ்த்து சொன்னா அதைவிட நல்லதாவோ, குறைஞ்சது அதே அளவாவோ திருப்பிச் சொல்லுங்க. ஆக முதல்ல சொன்னவர் ஏமாந்துபோக வழியில்ல.

வீட்டுக்குப் போறதுக்கும் முறை உண்டு. வாசல்ல நின்னு மூணு தடவை அனுமதி கேக்கணும், பதில் இல்லைன்னா திரும்பிடணும். வீட்டுக்காரர் "இப்ப முடியாது, போயிட்டு வாங்க"ன்னா திரும்பறதுதான் முறை, அதை மனக்குறையா எடுத்துக்கக் கூடாது. சொல்றது சுலபம், எங்க சாச்சிகிட்ட யாராச்சும் அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்!

மதுரை மண்டபம் எழுதியது:

கல்யாண மண்டபத்துல மேனேஜரா இருக்கேன். வாங்கன்னு கேக்கலைங்கற சண்டை வராத கல்யாணத்தை நான் பார்த்ததில்ல. வாசல்ல சந்தனம், கற்கண்டு, பன்னீர் செம்போட பொண்ணுங்களை நிறுத்துவாங்க. அவங்க ஆயிரம் பேருக்கு வணக்கம் சொன்னாலும் அது கணக்குல வராது. பொண்ணோட அப்பாவோ சித்தப்பாவோ, உரிமைப்பட்ட ஒருத்தர் முகத்தைப் பார்த்து "வாங்க மாமா"ன்னு சொன்னாத்தான் வந்ததா அர்த்தம். வந்தவங்களும் "முகத்தைக் காட்டிட்டுப் போயிடறேன்"னுதான் சொல்வாங்க, கவனிச்சிருக்கீங்களா? மொய்யை எழுதிட்டு யாரும் தன்னைப் பார்க்காமலே கிளம்பறவர் மூஞ்சியை நான் கவுண்டர்ல இருந்தே கண்டுபிடிச்சிடுவேன். பந்திக்குப் போக மாட்டார். செருப்பு விடற இடத்துல ரெண்டு நிமிஷம் நின்னு திரும்பிப் பார்ப்பார்.

நான் சொல்ற யோசனை ஒண்ணுதான். வாசல்ல விட்டுப்போனவங்களைப் பிடிக்க, சாப்பிட்டுக் கை கழுவற இடத்துல வீட்டு ஆள் ஒருத்தரை நிறுத்துங்க. "மாமா, சாப்டீங்களா? நல்லாருந்துச்சா? வந்தப்ப கூட்டத்துல பார்க்காம விட்டுட்டேன்." அந்த இடத்துல பாதிச் சண்டை தீர்ந்துடும். சாப்பிடாமலே போனவரை மட்டும் பிடிக்க முடியாது. அவருக்கு மறுநாள் வீட்டுக்கே போகணும்.

கருப்பட்டி எழுதியது:

நீங்கள் எல்லோரும் "வாங்க" சொல்லப்படாததைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் தாத்தாவிடம் யாரும் அதைச் சொன்னதே கிடையாது. பண்ணையத்து வீட்டில் பத்து வயதுப் பையன் அவரைப் பேர் சொல்லி "வாடா" என்பான், அறுபது வயதுக்காரர் "சாமி" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். இதுவும் இங்கே சொல்கிற அதே கொங்கு நாடுதான். அங்கே வணக்கம் இரண்டு பேரின் கௌரவத்தையும் காப்பாற்றவில்லை. ஒருவருடையதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தது.

இப்போது நான் அரசு அலுவலர். ஊருக்குப் போனால் அதே வீட்டுப் பெரியவர் என்னிடம் எப்படிப் பேசுகிறார் தெரியுமா? "எப்ப வந்தது? சாப்பாடு ஆச்சா? லீவு எத்தனை நாளு?" வினைச்சொல்லில் ஆளே இருக்காது. "எப்ப வந்தே" என்று கேட்க இப்போது முடியாது. "எப்ப வந்தீங்க" என்று கேட்க வாய் வராது. அதனால் வந்தது யார் என்றே இல்லாமல் ஒரு வந்தது. கேட்கிற எவருக்கும் அது அக்கறையான விசாரிப்பாகத்தான் தெரியும்.

நேர்கோடு எழுதியது:

இதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்.

காயல் ரஹ்மத் எழுதியது:

நீங்க சொன்னது எல்லா நாட்லயும் அப்படித்தான்னு. அவங்க சொல்றது அவங்க ஊர்ல நடந்தது. ரெண்டும் ஒண்ணில்ல.

பழைய வாத்தியார் எழுதியது:

கருப்பட்டி, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆளில்லாத அந்த வினையை நான் வகுப்பில் சங்கடம் தவிர்க்கும் உத்தி என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முறை தெரியாத புது மாப்பிள்ளையும், நீ என்பதா நீங்கள் என்பதா என்று தெரியாத பழைய வகுப்புத் தோழனும் அதையேதான் பயன்படுத்துவார்கள், அங்கே அது இருவருக்கும் உதவும். நீங்கள் சொல்லும் இடத்தில் அவருடைய சங்கடம் மட்டும்தான் தீர்கிறது. நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள்?

கருப்பட்டி எழுதியது:

"நேத்து வந்தேனுங்க. நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று முழுசாகச் சொல்வேன். என் தம்பி அப்படிச் சொல்ல மாட்டான். "நேத்து வந்தது" என்று அவர் பாணியிலேயே திருப்பிக் கொடுப்பான். யார் செய்வது சரி என்று எங்கள் வீட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் வாக்குவாதம்.

மீசாலையான் எழுதியது:

தம்பியின்ரை பக்கம் நான்.

சென்னைப்பொண்ணு எழுதியது:

கருப்பட்டி சார், உங்க பதிவைப் படிச்சதுக்கு அப்புறம் என் பிரச்சினையை எழுதக் கூச்சமா இருக்கு. இருந்தாலும் கேக்கறேன். பெரியத்தைக்குப் போன் பண்ணி "நான் பண்ணது தப்பு, மன்னிச்சிடுங்க"ன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். சரியா?

பழைய வாத்தியார் எழுதியது:

நான் வேண்டாம் என்பேன். நீங்கள் மன்னிப்புக் கேட்டால் அவர் என்ன சொல்ல வேண்டியிருக்கும் பாருங்கள். "ஆமாம், எனக்கு வருத்தம்தான்" என்று சொன்னால் சின்ன விஷயத்துக்குக் கோபித்துக்கொண்டவர் ஆகிறார். "சேச்சே, ஒண்ணுமில்ல" என்றால் சொந்தத்தில் பேசியதெல்லாம் பொய் ஆகிறது. இரண்டு பக்கமும் அவர் முகத்துக்குத்தான் சேதம். அவர் உங்களிடம் நேரில் எதுவும் சொல்லவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். பூவும் பழமும் போதும். வாசலில் நில்லுங்கள். அவர் "வாம்மா" என்பார். உங்களைக் கூப்பிடும் இடத்தில் இப்போது அவர் இருக்கிறார், கணக்கு நேராகிவிடும். அன்று மதியத்தைப் பற்றி இருவருமே பேச வேண்டியதில்லை.

நேர்கோடு எழுதியது:

அதாவது எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணைத் தெரியாத மாதிரி நடிக்கணும். வெளிப்படையாக் கேட்டு முடிக்கறது தானே நாகரிகம்? எங்க வீட்ல இப்படிப் பேசாம விட்ட ஒரு சங்கதி பதினஞ்சு வருஷமா ரெண்டு சித்தப்பாவைப் பிரிச்சு வெச்சிருக்கு.

தோப்புக்காரர் எழுதியது:

அதுவும் நடக்கறதுதானுங்க. ஆனா இது சொத்துச் சண்டை இல்லையே. போறப்ப உங்க மாமியாரைக் கூட்டிட்டுப் போகாதீங்க அம்மணி. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் அதையே பேச ஆரம்பிச்சிருவாங்க. வீட்டுக்காரரோட போங்க, அவர் சாப்பாட்டைப் பத்தி மட்டும்தான் பேசுவார். இன்னொண்ணு, யாராவது தவறின வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போனா "வாங்க", "போயிட்டு வர்றேன்" எதுவும் வேண்டாம். நீட்டற கையைத் தொட்டுட்டு உக்காந்து, சொல்லாமக் கிளம்பிடணும். முறை தெரியாத புதுசுன்னு அங்கயும் பேரு வாங்கக் கூடாதில்ல.

சென்னைப்பொண்ணு எழுதியது:

ஞாயித்துக்கிழமை போறோம். பெரியத்தை நிச்சயமா சாப்பிடச் சொல்வாங்க. எத்தனை தடவை வேணாம்னு சொல்லணும்?

மதுரை மண்டபம் எழுதியது:

ரெண்டு. மூணாவது தடவை சொன்னா நிஜமாவே வேணாம்னு எடுத்துக்குவாங்க.

தோப்புக்காரர் எழுதியது:

எங்க பக்கம் ஞாயித்துக்கிழமைன்னா கறிச்சோறு. வாசல்லயே வாசம் வந்துச்சுன்னா ஒரு தடவை போதும். வர்றோம்னு முன்னாடியே போன்ல சொல்லிட்டுப் போறதா இருந்தா வேணாம்னே சொல்லாதீங்க, உங்களுக்குன்னு ஆக்கி வெச்சிருப்பாங்க.

சென்னைப்பொண்ணு எழுதியது:

சொல்லிட்டுப் போகணுமா, சொல்லாமப் போகணுமா?

காயல் ரஹ்மத் எழுதியது:

உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க, அவங்க வளர்ந்த வீடு. எங்க ஊர்னா சொல்லாமப் போனாத்தான் உரிமை.

பழைய வாத்தியார் எழுதியது:

நான் சொல்லிவிட்டுப் போகச் சொல்வேன். அவர் எதிர்பாராத நேரத்தில், அடுப்பில் ஒன்றும் இல்லாமல் அகப்பட்டுக்கொண்டால் இந்த முறை அவர் முகம் சிக்கலில் மாட்டும்.